வினைச்சொல்லின் பகுதியைக் கண்டு அகராதியில் தேடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஏற்றுக்கொள்ளப்படவில்லையென்றாலும் என்று அலுவலகக் கடிதத்தில் இருந்தது. அப்படியே அகராதியில் தேடினேன், ஒன்றும் வரவில்லை. அகராதியில் வினைச்சொற்கள் எந்த வடிவில்தான் இருக்கின்றன?"

அகராதிகள் வினைச்சொல்லின் பகுதியை மட்டுமே தலைச்சொல்லாக வைக்கின்றன. பகுதி என்பது, பெரும்பாலும், முன்னால் நிற்கும் ஒருவரை ஏவும்போது நாம் சொல்லும் சொல்தான்: நட, வா, செய், எழுது. நன்னூலும் வினைப் பகாப்பதங்களை 'செய் என் ஏவல்' என்றுதான் அடையாளங் காட்டுகிறது. ஆனால் அந்தப் பகுதியை எழுதிக் காட்டும் முறை அகராதிக்கு அகராதி மாறுபடும். 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி, பகுதியோடு தல் அல்லது த்தல் சேர்த்து 'அடை-தல்', 'நட-த்தல்' என்று தருகிறது. உடுவிலில் மிசனறியாகப் பணியாற்றிய வின்சுலோவின் 1862ஆம் ஆண்டு அகராதி, பகுதியை முதலில் நிறுத்தி, அதன் பின்னே க்கிறேன், ந்தேன், ப்பேன் என்று முக்கால ஈறுகளையும் வைக்கிறது. கிரியாவின் தற்காலத் தமிழ் அகராதியோ 'நட' என்று தந்து, அடைப்புக்குறிக்குள் 'நடக்க, நடந்து' என்ற இரண்டு எச்சங்களைச் சேர்க்கிறது.

இந்த இரண்டு எச்சங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 'நடந்து' போன்ற, செய்து என்னும் வாய்பாட்டு எச்சம் ஒன்று. 'நடக்க' போன்ற, செய என்னும் வாய்பாட்டு எச்சம் மற்றையது. கீழே வரும் விடைகளில் பெரும்பாலானவை, முதலாவதைக் கண்டு ஏமாறாமல் இரண்டாவதைக் கேட்டுப் பார்ப்பது எப்படி என்பதைப் பற்றியவையே.

"சரி, அந்த நீளமான சொல்லை எங்கே வெட்டத் தொடங்குவது? முன்னாலிருந்தா, பின்னாலிருந்தா?"

கழற்றுவதைப் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் தேடவேண்டிய வினை முன்னால், அதாவது முதலில், இருக்கிறது. தமிழில் துணைவினைகள் எல்லாம் முதன்மை வினைக்குப் பின்னே வரிசையாக ஒட்டிக்கொள்வதால், கடைசியில் தெரிகிற காலமும் பால்விகுதியும் துணைவினைக்கு உரியவையாக இருக்கும். பொருள் தரும் வினை தலைப்பில் எச்சமாக ஒதுங்கி நிற்கும்.

உங்கள் சொல்லையே எடுத்துக்கொள்வோம். கடைசி உம்மையை எடுத்தால் 'என்றால்' மிஞ்சும். அது 'என்' என்ற வினையின் நிபந்தனை வடிவம், இங்கே இணைப்புச் சொல்லாக நிற்கிறது. அதையும் எடுத்தால் 'ஏற்றுக்கொள்ளப்படவில்லை'. 'இல்லை'யை எடுத்தால் அதற்கும் 'பட' என்பதற்கும் இடையே வந்த வகர உடம்படுமெய்யும் சேர்ந்து போய்விடும். 'பட' என்பது படு. 'கொள்ள' என்ற செய வடிவத்தோடு சேர்ந்து செயப்பாட்டுப் பொருள் தருவதற்காக வந்தது. இடையிலுள்ள பகர ஒற்று சந்தி. இனி 'ஏற்றுக்கொள்ள' என்பதில் 'கொள்ள' என்பது கொள். மிஞ்சியது 'ஏற்று'.

பலர் இந்த இடத்தில் நிறுத்தி 'ஏற்று' என்று தேடுவார்கள். அகராதியும் அப்படி ஒரு சொல்லைத் தரும். தூக்கி மேலே வை, பாரம் வை, விளக்கைக் கொளுத்து என்று பொருளும் சொல்லும். கடிதத்தோடு பொருந்தாது. ஏனென்றால் ஏற்று என்னும் பகுதியின் செய்து எச்சம் 'ஏற்றி'. லொறியில் மூட்டையை ஏற்றிக்கொண்டு போவோம். கொள் என்பதற்கு முன்னால் 'ஏற்று' என்றே நிற்கிறதென்றால் அது பகுதியன்று, எச்சம். எதனுடைய எச்சம் என்று அறிய அதன் செய வடிவத்தைச் சொல்லிப் பாருங்கள்: ஏற்க. றகர ஒற்றும் ககரமுமாக வந்துவிட்டதால் பகுதி லகர ஒற்றில் முடிகிறது: ஏல். பேரகராதியில் ஏல் என்பதன் கீழ் 'ஏற்றல்' என்று காண்பீர்கள்.

யாழ்ப்பாணத்தில் ஏல் என்ற சொல்லை ஒரு நாளில் பத்துத் தடவையாவது சொல்கிறோம். 'என்னால ஏலாது' என்பது அதுவே. அகராதியில் தேடும்போதுதான் அது நமக்கு அந்நியமாகத் தோன்றுகிறது.

"நின்றான் என்றால் நில், உண்டான் என்றால் உண், கேட்டான் என்றால் கேள். இவற்றுக்கு ஏதாவது விதி உண்டா, அல்லது ஒவ்வொன்றாகப் பாடமாக்க வேண்டுமா?"

விதி உண்டு, ஆனால் இறந்தகாலத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதைப் பின்னோக்கி ஓட்ட முடியாது. லகர, ளகர, னகர, ணகர ஒற்றுகள் இறந்தகால இடைநிலையின் தகரத்தோடு மோதும்போது இரண்டுமே மாறிவிடுகின்றன. அதனால் வேறு வேறு பகுதிகள் ஒரே உருவத்தில் வந்து சேர்கின்றன. 'ன்ற' என்று வந்தால் பகுதி லகரத்தில் முடியலாம் (சென்ற, வென்ற), னகரத்திலும் முடியலாம் (தின்ற). 'ண்ட' என்று வந்தால் ளகரமாகவும் இருக்கலாம் (கொண்ட), ணகரமாகவும் இருக்கலாம் (உண்ட). 'ற்ற' என்று வந்தால் கற்ற என்பதற்குக் கல், ஆனால் பெற்ற என்பதற்குப் பெறு. 'ட்ட' என்று வந்தால் கேட்ட என்பதற்குக் கேள், ஆனால் விட்ட என்பதற்கு விடு. நானே ஒரு காலத்தில் 'விற்ற' என்பதற்கு 'விறு' என்ற பகுதி இருக்கவேண்டும் என்று எண்ணி, பேரகராதியின் பக்கங்களை வீணே புரட்டியிருக்கிறேன்.

செய வடிவத்தில் இந்த மோதல் இல்லை, அல்லது இருந்தாலும் தடயம் மிஞ்சுகிறது. தமிழ் பேசுகிற எவருக்கும் அதைச் சொல்ல வரும்: '… வேண்டும்' என்று முடியும் ஒரு வசனத்தில் வினையைப் போட்டுப் பார்த்தால் போதும். செல்ல வேண்டும், தின்ன வேண்டும், கொள்ள வேண்டும், உண்ண வேண்டும்: இங்கே பகுதியின் கடைசி ஒற்று இரட்டித்து அப்படியே வெளியே தெரிகிறது. பெற வேண்டும், விட வேண்டும் என்பவற்றில் றகரமும் டகரமும் ஒற்றையாக நிற்கின்றன. தமிழில் எந்தச் சொல்லும் வல்லின மெய்யில் முடியாது என்பதால் உகரத்தைச் சேர்த்துப் பெறு, விடு என்று கொள்ள வேண்டியதுதான். நிற்க, கற்க, விற்க, ஏற்க என்று 'ற்க' வந்தால் லகரம். கேட்க என்று 'ட்க' வந்தால் ளகரம். படிக்க, நடக்க, கொடுக்க என்று உயிருக்குப் பின் 'க்க' வந்தால் அந்தக் 'க்க'வை எடுத்துவிட்டால் மிஞ்சுவதே பெரும்பாலும் பகுதி.

சந்தேகம் தீராவிட்டால் இன்னொரு சாட்சியும் இருக்கிறது; எனக்கு அது மிகவும் பிடித்தமானது. பழைய எதிர்மறை வடிவங்கள் பகுதியை உருமாற்றாமல் காட்டும். இன்று 'கற்காதவர்' என்றும் எழுதுகிறோம், ஆனால் 'கல்லாதவர்' என்ற சொல்லும் வழக்கிலிருக்கிறது. கேட்காத செவியைக் 'கேளாத செவி' என்கிறோம். நில்லாத, செல்லாத, ஏலாத என்பவையும் அவ்வாறே. இதில் ஏலாது, ஏற்காது என்ற இரண்டும் இன்று பொருளால் பிரிந்துவிட்டன: முன்னையது முடியாது என்பதையும், பின்னையது ஒத்துக்கொள்ளாது என்பதையும் குறிக்கின்றன. பகுதி என்னவோ ஒன்றுதான்.

"அள்ள வேண்டும், கொள்ள வேண்டும், இரண்டும் ஒரே மாதிரித்தானே இருக்கின்றன? ஆனால் அகராதியில் ஒன்று அள்ளு, மற்றது கொள். இதை எப்படிப் பிரிப்பது?"

இங்கே செய வடிவம் தனியே போதாது. செய்து வடிவத்தையும் அருகில் வைக்க வேண்டும். அள்ளி என்று இகரத்தில் முடிந்தால் உகரம் பகுதிக்கு உரியது, ஆகவே அள்ளு. கொண்டு என்று மெய் உருமாறி வந்தால் உகரம் இல்லை, ஆகவே கொள். தள்ளி, கிள்ளி, துள்ளி எல்லாம் அள்ளு வகை. வாழ, அழ என்ற இரண்டையும் அதே முறையில் பிரிக்கலாம்: வாழ்ந்து என்பதில் உகரம் இல்லை, அழுது என்பதில் ழகரத்தின் மேலேயே உகரம் தெரிகிறது, ஆகவே வாழ், அழு.

இந்த விதியை மீறுகிற சொல் ஒன்று உண்டு, அதுவும் நாம் ஓயாமல் பயன்படுத்துகிற சொல். 'சொல்லி' என்று இகரத்தில் முடிந்தாலும் பகுதி சொல்லு அன்று, சொல். பேச்சில் 'சொல்லு', 'நில்லு' என்று ஏவுவதால் அந்த உகரத்தையும் சேர்த்துத் தேடுவது பலரும் செய்கிற தவறு.

"படிந்தது, படித்தது இரண்டுக்கும் பகுதி படிதான். பேரகராதியில் ஒன்றுக்கு மேற்பட்ட 'படி' இருக்கிறதே, எதைப் பார்ப்பது?"

தல், த்தல் என்ற ஈறு அதற்காகத்தான் இருக்கிறது. படிய என்று செய வடிவம் வந்தால் படி-தல். தூசி படிவது போன்ற பொருள்கள் அங்கே இருக்கும். படிக்க என்று வந்தால் படி-த்தல். புத்தகம் படிப்பது அங்கே இருக்கும். அடைய, அடைக்க என்பனவும் அப்படியே: ஊரை அடைந்தோம் என்பது அடை-தல், கதவை அடைத்தோம் என்பது அடை-த்தல்.

இறந்தகாலத்தில் 'ந்த்' வந்தால் தல், 'த்த்' வந்தால் த்தல் என்று சிலர் சுருக்கமாகச் சொல்லிக் கொடுப்பார்கள். படி, அடை என்பவற்றுக்கு அது சரியாக வரும். ஆனால் நடந்தான் என்பதை வைத்து 'நட-தல்' என்று தேடினால் கிடைக்காது, நட-த்தல் என்றே இருக்கிறது. இருந்த, கிடந்த, பிறந்த, மறந்த, பறந்த ஆகிய எல்லாம் அப்படித்தான். இறந்தகாலத்தில் மட்டும் மெலிந்து ஒலிக்கும் இவை, நடக்க, இருக்க, கிடக்க என்று செய வடிவத்தில் ஒழுங்காக வலித்து வருகின்றன. பேரகராதி இவற்றைத் தனி வகையாகவே எண்ணிட்டிருக்கிறது: படி-தல் என்பதற்கு 4, படி-த்தல் என்பதற்கு 11, நட-த்தல் என்பதற்கு 12. தலைச்சொல்லுக்குப் பக்கத்தில் காணும் அந்த எண் பொருளின் வரிசை எண் அன்று, வினை திரியும் வகையின் எண்.

"அம்மம்மா எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. 'பேந்தும் பஸ் வரேல்லையெண்டு வெளிக்கிடாமல் நிண்டனாங்கள்' என்று ஒரு வரி. நான் ரொறன்ரோவில் பிறந்தவன். இதில் ஒரு சொல்லும் அகராதியில் இல்லை."

எல்லாமே இருக்கின்றன, தம்பி. பேச்சு வடிவத்தை முதலில் எழுத்து வடிவத்துக்கு ஏற்றிவிட்டுப் பிறகு கழற்ற வேண்டும். வரிசையை மாற்றினால்தான் சிக்கல்.

'வரேல்லையெண்டு' என்பதில் எண்டு என்பது என்று. யாழ்ப்பாணப் பேச்சில் 'ன்ற' என்பது 'ண்ட' ஆகிவிடும்: ஒன்று ஒண்டு, மூன்று மூண்டு, கன்று கண்டு. மிஞ்சிய 'வரேல்லை' என்பது வரவில்லை. செய வடிவம் வர, பகுதி வா. ('வரேலாது' என்று வேறோர் இடத்தில் இருந்தால் அது வர ஏலாது; இல்லை வேறு, ஏலாது வேறு.)

'நிண்டனாங்கள்' என்பதன் கடைசியில் இருப்பது விகுதி அன்று, நாங்கள் என்ற முழுச்சொல். வந்தனான், வந்தனீங்கள் என்று நாம் சொல்வதெல்லாம் வந்த நான், வந்த நீங்கள் என்பவற்றின் சேர்க்கை. ஆகவே நிண்ட நாங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டு, 'ண்ட' என்றால் ளகரம் அல்லது ணகரம் என்று மேலே சொன்னதை வைத்து 'நிள்', 'நிண்' என்று தேடினால் வழி தவறிவிடும். முதலில் நிண்ட என்பதை நின்ற என்று திருப்புங்கள். பிறகு செய வடிவம் நிற்க, பகுதி நில்.

அந்தச் செய வடிவத்தையும் பேச்சில் கேட்டால் ஏமாற்றும். 'நிக்க வேணும்', 'கேக்க வேணும்', 'விக்க வேணும்' என்றுதான் சொல்வார்கள். ற்க, ட்க ஆகிய இரண்டும் பேச்சில் 'க்க' ஆகிவிடுவதால், மேலே சொன்ன விதிப்படி 'க்க'வை எடுத்து 'நி' என்றும் 'கே' என்றும் பகுதி காண நேரிடும். தனி எழுத்தொன்று பகுதியாக மிஞ்சினால், எழுத்துத் தமிழில் அந்தச் சொல் எப்படி இருக்கும் என்று வீட்டில் பெரியவர் ஒருவரைக் கேளுங்கள்.

'வெளிக்கிடாமல்' என்பதில் ஆமல் எதிர்மறை; மிஞ்சுவது வெளிக்கிட், வல்லினத்தில் முடியாது என்பதால் வெளிக்கிடு. புறப்படு என்பது பொருள். இதற்கு மேலும் வெட்டி 'இடு' என்று தேடாதீர்கள். பொருள் கையை விட்டுப் போய்விடும். 'பேந்து' என்பது வினையாக இன்று யாருக்கும் தோன்றாது, பிறகு என்பதுதான் அதன் பொருள். ஆனால் அது பெயர்ந்து என்ற எச்சத்தின் தேய்ந்த வடிவம். பகுதி பெயர். வினையைத் தேடிப் பார்த்தால் சுவையாக இருக்கும், ஆனால் கடிதத்தை விளங்கிக்கொள்ள அது தேவையில்லை.

ஒரு வரியில் இத்தனை இருக்கிறது என்றால், 'பாம்பைக் கொண்டுபோட்டான்' என்பதையும் சொல்லிவைக்கிறேன். இது கொன்றுபோட்டான். பகுதி கொல், கொள் அன்று. பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டதால் வசனத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

"எவ்வளவு தூரம் வெட்டலாம்? ஓட்டினான் என்பதற்கு ஓடு என்று தேடுவதா, ஓட்டு என்று தேடுவதா?"

ஓட்டு. ஓட்ட வேண்டும், ஓட்டி என்று இரண்டு எச்சங்களும் டகரம் இரட்டித்தே வருவதால், அகராதிக்கு அது தனிப் பகுதி. நடத்து, ஆற்று, கற்பி என்பவையும் நட, ஆறு, கல் என்பவற்றிலிருந்து வந்தவையானாலும் தனித் தலைச்சொற்கள்தாம். இலக்கணப் பாடத்தில் பகுபத உறுப்புகளைப் பிரித்த பழக்கம் உள்ளவர்கள்தாம் இங்கே அளவுக்கு மீறி வெட்டுகிறார்கள். அகராதி தேடுகிறவர் முதல் தலைச்சொல் கிடைத்த இடத்தில் நின்று, பொருள் வசனத்தோடு ஒட்டுகிறதா என்று பார்த்து, ஒட்டாவிட்டால் மட்டுமே மேலும் ஒரு துண்டு வெட்ட வேண்டும்.

இதே காரணத்தால் துணைவினையைக் கழற்றும்போதும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பது நல்லது. எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பதில் கொண்டிரு என்பது தொடர்ச்சியை மட்டும் காட்டுகிறது. எழுது என்று தேடினால் போதும். 'பிள்ளையைப் பார்த்துக்கொள்' என்பதிலோ கொள் இல்லாவிட்டால் கவனி என்ற பொருள் வராது. கண்டுபிடி, கைவிடு, ஏற்றுக்கொள் ஆகியவற்றையும் சேர்த்தே தேடிப் பாருங்கள்.

"வந்தான், செத்தான், வெந்தது போன்றவை எந்த விதிக்கும் அடங்கவில்லையே?"

அடங்கா. வா, தா, சா, வே, நோ, போ, ஆ, காண் என்று ஒரு கைப்பிடி வினைகள் அவ்வாறு இருக்கின்றன; இவற்றைப் பாடமாக்குவதே குறுக்கு வழி. வர, தர, சாக, வேக, நோக, போக, ஆக, காண என்பவை அவற்றின் செய வடிவங்கள். ஆ என்பது ஆகு என்ற தலைப்பிலும் காணப்படும். காண் என்பது கண்டான் என்று குறுகும்.

"பகுதி சரியாகத் தெரிந்தும் மின்னகராதியில் வரவில்லை. சொல்லின் முதலெழுத்துகளை மட்டும் தட்டினால் என்ன?"

எழுது, படி போன்ற வினைகளுக்கு அது வேலை செய்யும். நின்ற என்பதற்கு 'நின்' என்று தட்டினால் நில் வராது, 'நி' வரை குறைத்தால்தான் வரும். அப்போது பட்டியல் நீண்டுவிடும். ஆகவே பகுதியைக் கண்டுபிடித்துத் தேடுவதே குறைந்த வேலை.

அப்படியும் வராவிட்டால் எழுத்துருவைச் சந்தேகியுங்கள். ஔகாரக் குறியில் வருகிற 'ள' போன்ற உருவமும் ளகர எழுத்தும் திரையில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் கணினிக்கு வேறு வேறு. வௌவு என்ற வினையை எகரக் குறியும் ளகரமுமாக 'வெளவு' என்று தட்டினால், கண்ணுக்கு ஒரு வேறுபாடும் தெரியாது. தேடல் மட்டும் வெறுமையாகத் திரும்பும். பாமினி எழுத்துருவில் இருந்த பழைய கோப்புகளை யூனிக்கோடுக்கு மாற்றி, அதிலிருந்து நகலெடுத்து ஒட்டுபவர்கள் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்ளக்கூடும். சொல்லை ஒட்டாமல், விசைப்பலகையில் புதிதாகத் தட்டிப் பாருங்கள்.